ஒன்பதாம் நம்பர் சீட்டுக்காரருக்கு எழுதிய கடிதம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் ஒரு கேம் கடை வைத்திருக்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். புது டிஸ்க், பழைய டிஸ்க், கண்ட்ரோலர் பழுது பார்ப்பது, இவ்வளவுதான் வியாபாரம். இந்தத் தீபாவளிக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளருக்கு நான் கடிதம் எழுத வேண்டி வந்தது. நெய்வேலியில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பி அவர். முன்பதிவு செய்த கேமுக்காக இரண்டு தடவை பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்பினார். இரண்டாம் தடவை நான் அவரிடம் சொன்ன காரணம் பொய்.

அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, நோட்டில் நாலைந்து பக்கம் எழுதி, போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போனில் பேசியிருந்தால் மறுபடியும் மழுப்பியிருப்பேன். அதனால்தான் எழுதினேன். "அண்ணே, இதை மத்தவங்களும் படிக்கட்டும்" என்று அவர்தான் பிறகு சொன்னார். அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்.

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்குக் கடையில் நான் சொன்னது உண்மை இல்லை. "விழுப்புரம் பக்கம் மழை, லாரி நின்னுடுச்சு, உங்க பாக்ஸ் அதுலதான் வருது" என்றேன். உங்கள் பாக்ஸ் எந்த லாரியிலும் இல்லை. மும்பையை விட்டே அது இன்னும் கிளம்பவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஸ்கூல் பையன் வந்து ஐந்தாம் நம்பர் முன்பதிவுச் சீட்டை நீட்டினான். டிராயரிலிருந்து அதே கேமை எடுத்து அவனிடம் கொடுத்தேன். நீங்கள் அந்தப் பெட்டியைப் பார்த்தீர்கள், அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். "சரிண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். நீங்கள் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

மழை என்று சொன்னால் கடலூரில் யாரும் மறு கேள்வி கேட்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அதற்கப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, அரசூர் அருகே நெடுஞ்சாலையில் தண்ணீர் ஓடி, சென்னையிலிருந்து எதுவும் வராமல் கிடந்தோம். அந்த வாரம் என் கடைக்கு வர வேண்டிய சரக்கு உண்மையிலேயே வழியில் மாட்டிக்கொண்டது. அப்போது ஒருவர்கூட என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லோர் வீட்டு வாசலிலும் தண்ணீர் நின்றது. அந்த ஞாபகத்தை நான் இன்றைக்கு என் தப்பை மறைக்கப் பயன்படுத்திக்கொண்டேன். அதுதான் எனக்கே தாங்கவில்லை.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு கேம் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் மும்பை விநியோகஸ்தரிடமிருந்து ஒரு பட்டியல் வரும். கேமின் பெயர், எம்.ஆர்.பி., எனக்கான விலை, ஆர்டர் சொல்ல வேண்டிய கடைசித் தேதி எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் கேட்ட கேமுக்கு எம்.ஆர்.பி. 4,999. எனக்கு 4,550. கடைசித் தேதி, வெளியீட்டுக்கு ஆறு வாரம் முன்னால். நான் 18 பெட்டி வேண்டும் என்று அனுப்பினேன், பாதிப் பணமும் கட்டினேன். 40,950 ரூபாய். அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை பதில் வந்தது: Noted.

அந்த ஒரு வார்த்தையை "18 பெட்டி உங்களுக்கு உண்டு" என்று நான் எடுத்துக்கொண்டேன். "நீங்கள் கேட்டதைக் குறித்துக்கொண்டேன்" என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. பட்டியலின் கடைசி வரியில் Subject to allocation, அதாவது ஒதுக்கீட்டைப் பொறுத்தது, என்று பொடி எழுத்தில் இருந்தது. அதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டதற்கு ஒன்றிரண்டு குறைவாக வந்ததுண்டு, அதைச் சமாளித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் உங்களோடு சேர்த்து 16 பேரிடம் ஆளுக்கு 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, சீட்டில் வெளியீட்டுத் தேதியை எழுதிக் கொடுத்தேன்.

வெளியீடு வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலையில் மெசேஜ் வந்தது. எனக்கு ஒதுக்கியது 7.

ஏன் 7 என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன கணக்கு எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது. டிஸ்க் அச்சடிப்பது வெளியீட்டுக்குப் பல வாரம் முன்னாலேயே நடந்துவிடுகிறது. எத்தனை அச்சடிப்பது, எந்த நாட்டுக்கு எவ்வளவு அனுப்புவது என்பதை வெளியீட்டு நிறுவனம் முடிவு செய்கிறது. இந்தியாவுக்கு முதல் தவணையாக வருவதை விநியோகஸ்தர் பிரிக்கிறார். பெரிய ஆன்லைன் கடைகள், ஊர் ஊராகக் கிளை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் போக மீதிதான் எங்களைப் போன்ற தனிக்கடைகளுக்கு. அந்த மீதியையும் யார் எவ்வளவு கேட்டார்கள் என்று பார்த்து அவர் பிரிப்பதில்லை. போன தடவை யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று பார்த்துத்தான் பிரிக்கிறார். ஏனென்றால் சரக்குக்குத் தட்டுப்பாடு வரும் என்று தெரிந்தால் எல்லாக் கடைக்காரர்களும் இரண்டு மடங்கு கேட்பார்கள். அவருக்கு நம்பக்கூடியது பழைய பில் மட்டும்தான்.

இந்த வரிசையில் இதற்கு முந்தைய கேம் என் கடையில் 13 விற்றது. ஆனால் அவரிடம் நான் வாங்கியது 6 தான். மீதி ஏழு பெட்டியை, ஒவ்வொன்றும் நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதே என்று சென்னையில் வேறொரு மொத்த வியாபாரியிடம் வாங்கினேன். அப்போது 700 ரூபாய் மிச்சம். விநியோகஸ்தருடைய கணக்குப் புத்தகத்தில் என் கடை "ஆறு பெட்டிக் கடை" என்று பதிவாகிவிட்டது. ஆறோடு ஒன்று சேர்த்து இந்தத் தடவை ஏழு கொடுத்திருக்கிறார். அவர் பக்கம் பார்த்தால் அது அநியாயம் இல்லை. அந்த 700 ரூபாய்தான் இன்றைக்கு உங்களை இரண்டு தடவை பஸ் ஏற வைத்தது.

ஏழு பெட்டியை யாருக்குக் கொடுப்பது என்பதில் மட்டும் நான் தடுமாறவில்லை. பணம் கட்டிய வரிசைப்படி ஒன்றிலிருந்து ஏழு வரை. உங்களுடையது ஒன்பது. எட்டாம் நம்பர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சொந்த மச்சினன். அவனும் காத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

புதன்கிழமை காலையிலேயே எட்டு முதல் பதினாறு வரை உள்ள ஒன்பது பேருக்கும் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்தான். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டால் கையில் காசு இல்லை, எல்லாம் மும்பையில் இருக்கிறது. "இரண்டாவது தவணை திங்கட்கிழமை கிளம்பிடும்" என்று விநியோகஸ்தர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நாளைத் தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாமலே சரியாகிவிடும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நீங்கள் வந்தபோது முதல் தவணை ஏழும்கூடக் கடைக்கு வரவில்லை, சனிக்கிழமை காலையில்தான் வந்தது. அதனால் அன்றைக்கு "கூரியர் லேட்" என்று நான் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையில் ஏறி நின்றுகொண்டு, "செவ்வாய்க்கிழமை வாங்க தம்பி, கண்டிப்பா இருக்கும்" என்றும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை எதுவும் கிளம்பவில்லை. அதை உங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வடலூர், குறிஞ்சிப்பாடி என்று பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்க மாட்டீர்கள்.

நீங்கள் வெள்ளிக்கிழமை இரண்டு கேள்வி கேட்டீர்கள். இரண்டுக்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

"கேமே தள்ளிப்போயிடுச்சாண்ணே?" என்பது முதல் கேள்வி. இல்லை. கேம் தள்ளிப்போவது வேறு, டிஸ்க் வந்து சேராதது வேறு. உருவாக்குகிறவர்களே தேதியை மாற்றினால் ஆன்லைன் ஸ்டோரிலும் தேதி மாறும். காசு கொடுத்த யாருக்குமே அன்றைக்குக் கிடைக்காது. சைபர்பங்க் 2077 கேமுக்கு அப்படித்தான் ஆனது. 2020 அக்டோபர் 5-ஆம் தேதி "கோல்டு" ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். டிஸ்க் அச்சுக்குப் போகிற அளவுக்குக் கேம் தயார் என்று அதற்கு அர்த்தம். அப்படியும் அக்டோபர் 27-ஆம் தேதி, வெளியீட்டை நவம்பர் 19-லிருந்து டிசம்பர் 10-க்குத் தள்ளினார்கள். அந்த மாதிரி நேரத்தில் எந்தக் கடைக்காரர் மேலும் தப்பு இல்லை. இப்போது நடந்தது அது இல்லை. உங்கள் கன்சோலில் ஸ்டோரைத் திறந்து பாருங்கள், அந்தக் கேம் வெள்ளிக்கிழமையிலிருந்து விற்பனையில் இருக்கும். ஸ்டோரில் கேம் இருந்து கடையில் டிஸ்க் இல்லை என்றால், ஒன்று சரக்கு ஒதுக்கவில்லை, இல்லை வழியில் நிற்கிறது. வழியில் நிற்கிறது என்று கடைக்காரர் சொன்னால், சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க கூரியரில் கொடுக்கும் டாக்கெட் நம்பரைக் கேளுங்கள். அனுப்பிய சரக்குக்கு டாக்கெட் நம்பர் இல்லாமல் இருக்காது. இன்றைக்கு நீங்கள் என்னிடம் கேட்டிருந்தால் என்னால் கொடுத்திருக்க முடியாது.

"சென்னையில கிடைக்குதே, அங்கேருந்து வாங்கித் தர முடியாதா?" என்பது இரண்டாவது. முடியும். ஞாயிற்றுக்கிழமையே ஒருவர் போன் செய்தார். அமெரிக்காவிலிருந்து ஆள் மூலமாகக் கொண்டுவந்த பெட்டிகள், எம்.ஆர்.பி.க்கு மேல் 700 ரூபாய், பில் கிடையாது. அந்த 700-ஐ நானே போட்டுக்கொண்டு உங்களுக்கு வாங்கித் தந்துவிடலாமா என்று அரை நாள் யோசித்தேன். வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் இருக்கிறது.

பி.எஸ்.5-இல் எந்த நாட்டு டிஸ்க்கைப் போட்டாலும் கேம் ஓடும். அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை அதற்கப்புறம் ஆரம்பிக்கும். கேமுக்குக் கூடுதல் பாகம் வரும்போது நீங்கள் அதை உங்கள் இந்திய அக்கவுண்ட்டில், இந்திய ஸ்டோரில் வாங்குவீர்கள். அமெரிக்க டிஸ்க்கும் நம் ஸ்டோரில் வாங்கிய கூடுதல் பாகமும் ஒன்றோடு ஒன்று சேராமல் போகலாம். டிஸ்க்குக்கு ஒரு பதிவு எண், கூடுதல் பாகத்துக்கு வேறொரு பதிவு எண் என்று ஆகிவிடும். பெட்டிக்குள் இருக்கும் முன்பதிவு போனஸுக்கான குறியீட்டு எண்ணும் அந்த நாட்டு அக்கவுண்ட்டில் மட்டும்தான் ஏறும். மூன்று வருடம் முன்னால் அண்ணாமலை நகரில் படிக்கும் ஒரு பையனுக்கு நானே தெரியாமல் அப்படி ஒரு பெட்டியை விற்றேன். நாலு மாதம் கழித்து அவன் கூடுதல் பாகத்துக்குக் காசு கட்டினான், கேம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஸ்டோரில் கட்டிய காசும் திரும்பவில்லை. அவன் கையில் வைத்திருந்த அந்தப் பெட்டியை வாங்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். முன் அட்டையில் இடது கீழ் மூலையில் வயது வரம்பு, எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருந்தது. அமெரிக்கப் பதிப்பில் T, M என்று எழுத்து போடுவார்கள். என் கடைக்கு ஒழுங்கான வழியில் வரும் பெட்டிகளில் பெரும்பாலும் ஐரோப்பியப் பதிப்பின் 12, 16, 18 என்ற எண்தான் இருக்கும்.

பின் அட்டையையும் பாருங்கள். இந்தியாவுக்கு முறைப்படி இறக்குமதி ஆன பெட்டியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த மாதம், எந்த வருடம், ரூபாயில் எம்.ஆர்.பி., புகாருக்கான தொடர்பு எல்லாம் அதில் இருக்க வேண்டும். பொட்டலப் பொருள்களுக்கான சட்ட விதி அது. ஸ்டிக்கர் இல்லாத பெட்டியை அந்த ஆள் எனக்கு எவ்வளவு நாள் நீட்டினாலும் உங்களுக்கு நான் விற்கப்போவதில்லை.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். தீபாவளிக்கு உங்களுக்கு நாலு நாள் லீவு, அதற்காகத்தான் இந்தக் கேமைச் சொல்லி வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். லீவுக்குள் டிஸ்க் வந்துவிடும் என்று நான் இப்போது சொல்ல மாட்டேன். டாக்கெட் நம்பர் கைக்கு வரும்வரை எந்தக் கிழமையையும் என் வாயால் சொல்வதாக இல்லை. உங்களுக்குப் பணம் வேண்டுமென்றால் 1,000 ரூபாயை நாளைக்கே அனுப்பிவிடுகிறேன். அதோடு இரண்டு தடவை பஸ்ஸுக்குப் போன செலவையும் சேர்த்து அனுப்புகிறேன், அதை மறுக்காதீர்கள். நீங்கள் ஸ்டோரிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துக்கொள்ளுங்கள். இந்த அளவுக் கேம் 100 ஜி.பி.யை நெருங்கும். நீங்கள் போன் டேட்டாவில்தான் கன்சோலை ஓட்டுகிறேன் என்று சொன்னதாக ஞாபகம். டிஸ்க் என்றாலும் முதல் நாள் அப்டேட் என்று கொஞ்சம் இறக்கத்தான் வேண்டும், ஆனால் முழுக் கேமையும் இறக்க வேண்டியதில்லை. அப்புறம் முடித்துவிட்டு என்னிடமே டிஸ்க்கைத் திருப்பி விற்பது உங்கள் வழக்கம். ஸ்டோரில் வாங்கினால் அது முடியாது. இதையெல்லாம் சொல்வது உங்களைப் பிடித்து வைக்க இல்லை. நான் பணம் கொடுக்க மறுத்தாலோ இழுத்தடித்தாலோ 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் என் கடை மேல் புகார் கொடுங்கள். அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது.

காத்திருக்கிறேன் என்று சொன்னால், நீங்கள் கடைக்கு வர வேண்டாம். டிஸ்க் வந்த மறுநாள் நான் நெய்வேலிக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்கார அண்ணன்

இதோடு கடிதம் முடிந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பதில் வந்தது. "வெயிட் பண்றேண்ணே. டாக்கெட் வந்தா அனுப்புங்க." பஸ் செலவு பற்றி எதுவும் எழுதவில்லை. நான் 200 ரூபாய் அனுப்பினேன், அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்றைக்கே மீதி எட்டுப் பேருக்கும் போன் செய்தேன். மூன்று பேர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். வீட்டில் தீபாவளித் துணிக்கு வைத்திருந்த பணத்திலிருந்து 3,000 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்று நான் பயந்தது நடக்கவில்லை. ஆனால் ஒருவர், "இதைப் புதன்கிழமையே சொல்லியிருந்தா நான் வேற கடையில சொல்லி வெச்சிருப்பேன்ல?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது சரி. வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால் தெரிந்திருந்தால் புதுச்சேரியிலோ ஆன்லைனிலோ அவருக்குக் கிடைத்திருக்கும். நான் மறைத்த அந்த ஆறு நாளில் அதற்கு வழியில்லாமல் போய்விட்டது.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை டாக்கெட் நம்பர் வந்தது. உடனே அவருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவரே போன் செய்தார். "அண்ணே, Manifested-னு காட்டுது, கிளம்பிடுச்சா?" என்று கேட்டார். அதற்குக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அனுப்புகிறவர் கூரியர் கம்ப்யூட்டரில் விவரத்தை ஏற்றி லேபிள் அடித்துவிட்டார், அவ்வளவுதான். பெட்டி அவருடைய குடோனிலேயே இருக்கலாம். கூரியர்க்காரர் வந்து எடுத்துப் போனால் Picked Up என்று மாறும், அப்புறம் ஊர்ப் பெயர்கள் வர ஆரம்பிக்கும். அந்தச் சரக்கு சனிக்கிழமையிலிருந்து புதன்கிழமை வரை Manifested என்றே நின்றது. நடுவில் தீபாவளி. ஒவ்வொரு நாளும் சாயந்திரம் அவருக்கு "இன்னிக்கும் அப்படியேதான் இருக்கு" என்று ஒரு வரி அனுப்பினேன். சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லாத நாளிலும் அனுப்பினேன். அவருடைய லீவு அந்த நாட்களிலேயே முடிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பெட்டி வந்தது. வெளியீட்டிலிருந்து 15 நாள்.

இதற்கப்புறம் கடையில் சில விஷயத்தை மாற்றிவிட்டேன். முன்பதிவுச் சீட்டில் இப்போது "உறுதி", "காத்திருப்பு" என்று இரண்டு கட்டம் இருக்கிறது. எத்தனை உறுதி என்பதை நான் கேட்ட எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வதில்லை. அதே விநியோகஸ்தரிடம் அந்த வரிசையில் போன தடவை எத்தனை வாங்கினேனோ அத்தனை பேருக்குத்தான் "உறுதி". அதற்கு மேல் வருகிறவர்களிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் வாங்குவதில்லை. பெயரும் நம்பரும் மட்டும் எழுதிக்கொள்கிறேன். சீட்டில் வெளியீட்டுத் தேதியை எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். அது கேமின் தேதி, என் கடையின் தேதி இல்லை. "வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால் உங்களுக்கு உண்டா இல்லையா என்று மெசேஜ் வரும்" என்று எழுதித் தருகிறேன். ஒதுக்கீடு எத்தனை என்பது எனக்கே அப்போதுதான் தெரிகிறது.

நூறு ரூபாய் குறைவு என்று வேறு இடத்தில் வாங்குவதையும் விட்டுவிட்டேன். இது லாபமா நஷ்டமா என்று அடுத்த வருடம்தான் தெரியும். பெட்டிக்கு 449 ரூபாய் நிற்கும் வியாபாரத்தில் நூறு ரூபாய் பெரிய காசு. என்னைப் போல் சின்னக் கடை வைத்திருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஓடாத கேமுக்கு இரண்டு இடத்தில் வாங்கலாம், வரிசையாக வரும் பெரிய கேமுக்கு மட்டும் ஒரே இடத்தில் வாங்கிக் கணக்கைக் காட்டு என்கிறார்கள். அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கில் நெய்வேலிக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது, டிஸ்க்கை இரண்டு பாலித்தீன் கவரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தேன். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றிருந்தார். கவரைப் பிரித்து, பெட்டியை முதலில் திருப்பிப் பின் அட்டையைத்தான் பார்த்தார். ஸ்டிக்கரில் இருந்த மாதத்தையும் எம்.ஆர்.பி.யையும் கட்டைவிரலை வைத்து வரி வரியாகப் படித்தார். அப்புறம் முன்னால் திருப்பி அந்தக் கீழ் மூலையைப் பார்த்தார்.

"18-னு போட்டிருக்கு, சரிதானேண்ணே?"

"சரிதான் தம்பி."

உள்ளே போய் மீதி 3,999 ரூபாயை எண்ணிக் கொண்டுவந்தார். காபி குடிக்கச் சொன்னார். குடித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த மார்ச்சில் வர இருக்கும் இன்னொரு கேமின் பெயரைச் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னார். பாக்கெட்டிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அந்த வரிசையில் போன தடவை நான் வாங்கியது நாலு. ஏற்கெனவே நாலு பெயர் ஆகிவிட்டது.

"காத்திருப்புல முதல் ஆள் நீங்கதான். பணம் வேண்டாம்" என்றேன்.

"சரி, அப்படியே எழுதுங்க" என்றார்.